குத்தகைப் புதுப்பிப்பு: இரண்டு நாள் தாமதத்தில் கடை போய்விடுமா?

மதுரையில் மளிகைக் கடை நடத்துகிறேன். பதிவு செய்த ஐந்தாண்டுக் குத்தகை செப்டம்பர் 30 அன்று முடிகிறது. புதுப்பிக்க விரும்பினால் மூன்று மாதம் முன்பே உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிப்பு 'கிடைக்க வேண்டும்', காலக்கெடு ஒப்பந்தத்தின் சாராம்சம் என்கிறது பத்திரம்.

ஜூன் 26 அன்றே விரைவு அஞ்சலில் அனுப்பினேன். வீடு பூட்டியிருந்ததால் ஜூலை 2 அன்றுதான் கையெழுத்தானது. உரிமை போய்விட்டது, காலி செய்யுங்கள் என்கிறார் உரிமையாளர். நேரில் பேசியும் வாடகையை உயர்த்தித் தர முன்வந்தும் பயனில்லை.

புதுப்பிப்பு என்பது சலுகை, அதற்குக் கெடு கறாரானது என்று கால்டெக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதாக வக்கீல் கூறுகிறார். தவிர்க்க முடியாத விபத்து போன்ற தனிச் சூழலில் மட்டுமே விலக்காம்.

உரிமையாளர் ஊரில் இல்லாததால் நேர்ந்த தாமதத்தை அந்த விலக்கில் நீதிமன்றம் ஏற்குமா?