சமுதாயக் கூடத்துப் புரொஜெக்டரில் வரைபடக் கோடுகள் மறைந்துபோகின்றன: முன்கூட்டியே சோதிப்பது எப்படி?

கேட்டவர்:
வணக்கம். எங்கள் சமுதாயக் கூடத்தில் உள்ள பழைய புரொஜெக்டரின் சொந்தத் தெளிவுத்திறன் 800 × 600 மட்டுமே. கூடத்தின் ஜன்னல்களுக்குத் திரைச்சீலையும் கிடையாது. மாதவாரியான தண்ணீர்ச் செலவைக் காட்டும் வரைபடத்தைச் சென்ற கூட்டத்தில் போட்டபோது, 0.75 பாயின்ட் சாம்பல் கோடு அடியோடு காணவில்லை. 12 பாயின்ட் எழுத்தில் புள்ளி வைத்த மெய் எது, வைக்காத உயிர்மெய் எது என்று முன்வரிசையில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. லேப்டாப்பில் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அடுத்த கூட்டத்துக்கு முன் வீட்டிலேயே சோதித்துக்கொள்ள வழி உண்டா?

மறுமொழி 1:
கோட்டையும் எழுத்தையும் பெரிதாக்குங்கள், அது சரியான வழிதான். அதோடு பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்கினால், மங்கலான புரொஜெக்டரில் எடுப்பாகத் தெரியும்.

மறுமொழி 2:
எங்கள் கூடத்திலும் இதே தொல்லைதான். புரொஜெக்டரை ஓரமாக வைத்துப் படத்தைச் சாய்வாக அடித்ததால் ஒரு பக்கம் மங்கியது. லென்ஸைத் துடைத்து, ஃபோகஸைத் திருகியதும் சரியாயிற்று. நீங்களும் முதலில் அதைப் பாருங்கள்.

மறுமொழி 3:
ஃபோகஸைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் கேட்டவரின் கோடு மறைந்ததற்குக் காரணம் அதுவன்று. அகலத் திரைக்கான ஸ்லைடு 960 பாயின்ட் அகலம் உடையது. அது 800 பிக்சலுக்குள் அடங்கும்போது 0.75 பாயின்ட் கோட்டுக்கு ஒரு முழுப் பிக்சல்கூடக் கிடைப்பதில்லை. அதனால் கோட்டின் நிறம் பின்னணியோடு கலந்து வெளுத்துவிடுகிறது. முன்பே சாம்பலாக இருந்த கோடு என்றால் மிச்சம் எதுவும் இராது. 12 பாயின்ட் எழுத்துக்கு மொத்த உயரமே 10 பிக்சல்தான் என்பதால், புள்ளிக்கு ஒரு பிக்சல் அமைந்தாலே அதிகம்.

கறுப்புப் பின்னணி யோசனையை நான் ஏற்கவில்லை. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது; ஜன்னல் வெளிச்சம் படும் சுவரின் நிறம்தான் அங்கே கறுப்பு. இருட்டான அறையில் அந்த யோசனை பொருந்தும், உங்கள் கூடத்தில் வெள்ளைப் பின்னணியில் தடித்த கறுப்பு எழுத்தே நிற்கும்.

கூட்டம் நடக்கும் அதே நேரத்தில் கூடத்துக்குப் போய், முழு வெள்ளை ஸ்லைடு ஒன்றையும் முழுக் கறுப்பு ஸ்லைடு ஒன்றையும் போட்டு, செல்பேசியின் லக்ஸ் அளவியைத் திரையருகே புரொஜெக்டரை நோக்கிப் பிடித்து இரண்டு அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். நமக்கு விகிதம்தான் வேண்டும் என்பதால் அளவி சற்றுப் பிசகினாலும் பாதகமில்லை. கறுப்பின் அளவு வெள்ளையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஸ்லைடைப் படமாகச் சேமித்து, ImageMagick நிரலால் இப்படிக் கெடுத்துப் பார்க்கலாம்:

```
magick in.png -resize 800x600 -colorspace RGB +level 33%,100% -colorspace sRGB out.png
```

33% என்ற இடத்தில் உங்கள் விகிதத்தை இடுங்கள். பிறகு தூரத்தையும் ஒத்துப் பாருங்கள்: திரை 2 மீட்டர் அகலம், கடைசி வரிசை 12 மீட்டர் தொலைவு என்றால் அகலத்தைப்போல் ஆறு மடங்கு, ஆகவே லேப்டாப்பில் 30 செ.மீ. அகலத்தில் காட்டிய படத்தை 1.8 மீட்டர் தள்ளி நின்று படியுங்கள்.

கேட்டவர்:
அளந்தேன் ஐயா. வெள்ளைக்கு 160, கறுப்புக்கு 55. கெடுத்த படத்தில் கூட்டத்தில் கண்ட அதே குறை அப்படியே தெரிந்தது. கோட்டை 1.5 பாயின்ட் ஆக்கியபோது தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. 3 பாயின்ட் கறுப்பில் கடைசி வரிசைத் தூரத்திலும் நின்றது. எழுத்து 24-இல் புள்ளி தெரிந்தது, 28-இல் தயக்கமின்றிப் படிக்க முடிந்தது. எழுத்து பெரிதானதும் இடம் போதாமல், 12 மாதப் பெயர்களில் ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கினேன்.

ஆனால் PowerPoint-இல் Slide Size-ஐ Standard (4:3) ஆக்கி Ensure Fit கொடுத்தபோது எல்லாம் சிறுத்துவிட்டனவே?

மறுமொழி 3:
ஆம், எல்லாமே முக்கால் அளவாகும். 28 என்பது 21 ஆகும். ஆனால் ஸ்லைடின் அகலமும் அதே அளவு குறைவதால் சுவரில் எழுத்தின் அளவு மாறாது. உங்களுக்குக் கிடைக்கும் லாபம், அகல ஸ்லைடில் மேலும் கீழும் வீணான 150 பிக்சல் வரிசைகள்தான். அந்த உயரத்தில் வரைபடத்தை இழுத்து, எழுத்தை மறுபடி பெரிதாக்குங்கள். லேப்டாப்பின் வெளியீட்டையும் 800 × 600 ஆக வைத்தால் புரொஜெக்டர் தானாகச் சுருக்கும் வேலை மிச்சமாகும். மறுமொழி 2-இல் சொன்ன சாய்வைச் சரிசெய்யும் கீஸ்டோன் வசதியும் படத்தை மறுபடி பிக்சல் பிக்சலாக மாற்றி அமைப்பதால் மெல்லிய கோட்டைக் கெடுக்கும். புரொஜெக்டரை நேராக வைக்க முடிந்தால் கீஸ்டோனை அணைத்துவிடுங்கள்.

கேட்டவர்:
செய்கிறேன். இன்னும் ஒரு ஸ்லைடு மிஞ்சுகிறது: குழாய்ப் பாதையின் ஸ்கேன் செய்த வரைபடம். அது படமாக இருப்பதால் கோட்டைத் தனியாகத் தடிமனாக்க முடியவில்லை.

மறுமொழி 3:
பேசவேண்டிய பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, அதன்மேல் 4 பாயின்ட் கோட்டால் பாதையை மீண்டும் வரைவதே நான் செய்வது. முழு வரைபடத்தையும் ஒரே பார்வையில் காட்டியாக வேண்டுமென்றால், அச்சிட்ட தாளைக் கையில் கொடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வேறு யாரேனும் செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.