சாம்பல் கல்லுக்கு நல்லது, குவியலா கிடந்தா கெட்டதா?

தக்காளித்தோட்டம்: பாலக்கோடு பக்கம் எங்க நிலத்துக்கு அடுத்தாப்ல அனல்மின் நிலையத்து நிலக்கரி சாம்பல்ல பிளை ஆஷ் கல்லு போடுற யூனிட் ஒண்ணு இருக்கு. சாம்பல திறந்தவெளியில கொட்டி வச்சிருக்காங்க, ஆடிக் காத்துக்கு இலையெல்லாம் வெளுத்துப் போவுது. கேட்டா "சிமெண்ட்ல கலக்குறதுதானே, ஒண்ணும் பண்ணாது"ங்கறாங்க. அது சரியா?

காரிமங்கலம் பிளாக்: நானும் இதே தொழில்தான். மேட்டூர் அனல்மின் நிலையத்து சாம்பல யாரும் எடுக்காம விட்டா அங்கயே மலையா நிக்கும், நாங்க எடுத்து கல்லாக்குறோம். சூளைக்கு மாதிரி வயல் மேல்மண்ண வெட்டல, விறகு எரிக்கல. தண்ணி அடிச்சு விட்டா சாம்பல் மேல கெட்டியாயிடும், பறக்காது. சும்மா புகார் குடுத்து தொழில கெடுக்காதீங்க.

சைட்பாண்டி: அண்ணே, தொழில் நல்லதுதான், அதுல சண்டையே இல்ல. ஆனா தண்ணி அடிச்சா "கெட்டியாயிடும்"கறது பாதிதான் நிஜம். நம்ம ஊரு நிலக்கரி சாம்பல் தனியா தண்ணி பட்டு இறுகாது, அதுக்கு சுண்ணாம்பு வேணும். கல்லுல நீங்க சிமெண்ட் போடுறீங்க, சிமெண்ட் தண்ணியோட சேர்றப்போ வர்ற சுண்ணாம்பு, சாம்பல்ல இருக்கற கண்ணாடி மாதிரி சிலிக்காவ மெதுவா பிடிச்சு இறுக்குது, அதனாலதான் ரெண்டு மூணு வாரம் தண்ணி ஊத்தி நனைச்சே வைக்கிறோம். கடையில சாம்பல் கலந்தே வர்ற பிபிசி சிமெண்ட்லயும் இதே கதை, 15லருந்து 35 சதவீதம் வரைக்கும் சாம்பல்தான். அப்படி இறுகின சாம்பல் பறக்காது. குவியல்ல சுண்ணாம்பு இல்ல, மேல ஒரு மெல்லிசு ஓடு மட்டும்தான் நிக்கும், லோடர் ஒரு வாட்டி குத்தினா அந்த ஓடு போச்சு, உள்ள இருக்கறது அப்படியே மாவு.

பெண்ணாகரம் மாமா: பத்து வருசமா இதுல வேலை பாக்கறவனுங்க நல்லாத்தான் இருக்கானுங்க. இலை மேல விழுந்தா மழைக்குக் கழுவிடும், விடுங்கப்பா.

சைட்பாண்டி: மாமா, இலையில விழுறது கண்ணுக்குத் தெரியற பெரிய துகள், அது தொல்லை, அவ்ளோதான். 10 மைக்ரானுக்குக் கீழ இருக்கறது சுலபத்துல விழாது, காத்துல மிதந்து மூச்சுல போவும், அதுலயும் ரொம்பப் பொடிசு நுரையீரல் அடிவரைக்கும் போய் உக்காந்துக்கும். படிக சிலிக்காவும் கொஞ்சம் கலந்திருக்கறதால, வருசக்கணக்கா மூக்க மூடாம வேலை பாக்கறவங்களுக்கு சிலிகோசிஸ்ங்கற நுரையீரல் நோய் வர வாய்ப்பு இருக்கு, அது வந்தா திரும்பாது, வர்றதுக்கும் பல வருசம் ஆவும், அதான் "நல்லாத்தான் இருக்கானுங்க"ன்னு தோணுது.

இன்னொண்ணு யாருமே சொல்றதில்ல, சரிவு. லேசா ஈரமா இருக்கற சாம்பல் சுவரு மாதிரி நேரா நிக்கும், துகளுக்கு நடுவுல இருக்கற ஈரம்தான் பிடிச்சு வச்சிருக்கு. வெயில்ல காஞ்சதும் அந்தப் பிடிப்பு போயிடும். அடியில மம்புட்டியால வாரிக்கிட்டே இருந்தா மேல இருக்கற மொத்தமும் தண்ணி மாதிரி ஓடி வந்து ஆள மூடிடும். லோடர்காரங்களக் கேளுங்க.

ஓசூர் வீடு: இதுல ஒரு டவுட், நான் வீட்டுக்கு இந்தக் கல்லுதான் வாங்கிருக்கேன், பூச்சுல நூல் நூலா விரிசல் வருது. சாம்பல் நஞ்சுன்னா வீட்ல இருக்கறவங்களுக்கும் ஆபத்தா?

சைட்பாண்டி: இறுகின கல்லுல தூசு பிரச்சனை இல்ல, கல்ல அறுக்கும்போது மட்டும் முகத்த மூடிக்குங்க. விரிசல் வேற கதை, பெரும்பாலும் முழுசா க்யூர் ஆவாத கல்ல அவசரத்துக்கு ஏத்தி அனுப்பியிருப்பாங்க. ரெண்டு கல்ல ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும், மண்ணு மாதிரி டொக்குனு கேட்டா அதுதான் காரணம்.

காரிமங்கலம் பிளாக்: சரி, பறக்குதுன்னே வச்சுக்குவோம். சாம்பல மூடி வைக்கற உயரமான தொட்டி, அதான் சைலோ, அது போட காசு யாரு தருவா? டேங்கர் லாரில வர்ற காஞ்ச சாம்பல எறக்கணும்னா சைலோ, கம்ப்ரசர் எல்லாம் வேணும். என்ன மாதிரி சின்ன யூனிட்டு மின்நிலையத்துல தண்ணியோட குளத்துல விட்டு வச்ச ஈரச் சாம்பலத்தான் டிப்பர்ல வாங்குது.

சைட்பாண்டி: சைலோ வேணாம்ணே, குவியலக் குறைங்க. கணக்கு போடுங்க, நாளைக்கு 5,000 கல்லு, கல்லு 3 கிலோ, மொத்தம் 15 டன். அதுல பாதி சாம்பல்னா 7.5 டன். நாலு நாளைக்கு 30 டன் இருந்தா போதும். மூணு பக்கம் சுவரு, மேல தகரம் போட்ட ஷெட்ல அது அடங்கிடும். சும்மா கெடைக்குதுன்னு மாசக்கணக்குக்கு வாங்கிக் குவிச்சா ஆடி மாசம் முழுக்க அடுத்தவன் வயல்லதான் போவும்.

காரிமங்கலம் பிளாக்: மின்நிலையம் குடுக்கும்போதுதான் எடுத்து வைக்க முடியும், நமக்கு வேணும்கறப்போ வராது. அது உங்க கணக்குல இல்ல.

தக்காளித்தோட்டம்: மழைக்கு அந்தத் தண்ணி எங்க கிணத்துப் பக்கந்தான் ஓடுது, அது?

சைட்பாண்டி: சாம்பல்ல ஆர்சனிக், குரோமியம் கொஞ்சம் உண்டு, மண்ணப் பொறுத்து இறங்கலாம், இறங்காமயும் போவலாம். நம்ம மாவட்டத்துல ஏற்கனவே புளோரைடு தொல்லை வேற, அதனால தண்ணி கெட்டா இதுதான் காரணம்னு உடனே சொல்லிட முடியாது. மழைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு தண்ணி டெஸ்ட் எடுத்து வைங்க, உலோகமும் பாக்கச் சொல்லுங்க.

பெண்ணாகரம் மாமா: டெஸ்ட்டுக்கு யாரு காசு குடுக்கறது?

தக்காளித்தோட்டம்: அந்த யூனிட்காரரத்தான் கேக்கணும் மாமா. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் மனுநாளு, அதுக்கு முன்ன ஒருவாட்டி ஷெட் போடச் சொல்லி நேர்லயே கேட்டுப் பாக்கறேன்.