நெல்லைக்கு மூன்று பயணம், மூன்று விதத் தாமதம்: உங்கள் அனுபவம் என்ன?

பாளையங்கோட்டைப் பெண்:

நாங்கள் சென்னை கொரட்டூர். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே பாளையங்கோட்டைப் பக்கம். நான், இவர், அத்தை (வயது 68), 8 வயதுப் பையன், 3 வயதுப் பெண். போன ஒரு வருடத்தில் ரயில், ஓம்னி பஸ், விமானம் மூன்றிலும் போய்விட்டோம். மூன்றுமே தாமதமானது. ஆனால் பட்ட பாடு ஒன்றல்ல.

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். ரயிலில் மூன்றாம் வகுப்பு ஏசி, நான்கு பெர்த், ஏறக்குறைய 4,400 ரூபாய். சின்னவளுக்கு ஐந்து வயது ஆகாததால் டிக்கெட் இல்லை, என்னோடு படுத்துக்கொண்டாள். பையனுக்குப் பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். அரை டிக்கெட் போட்டால் படுக்கை கிடையாது. பஸ்ஸில் ஏசி ஸ்லீப்பர், சாதாரண வாரம், நான்கு படுக்கை 5,600. விமானத்தில் இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கும் முழு சீட்டு. ஐந்து பேருக்கு 21,500, வீட்டிலிருந்து டாக்ஸி 900, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைகுளத்திலிருந்து வீட்டுக்கு 1,600. மொத்தம் 24,000. "கம்மி விலை விமானம்" என்று இவர் சொன்னதை இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறேன்.

இனி தாமதம். ரயில் எழும்பூரில் இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பியது. பிளாட்பாரத்தில் கொசுக்கடி, பிள்ளைகள் சிணுங்கல் எல்லாம் உண்டு. ஏறிப் படுத்த பிறகு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. காலையில் பார்த்தால் ஒரு மணி நேரத் தாமதம்தான்.

பஸ் கிளாம்பாக்கத்தில் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. செங்கல்பட்டைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம். அப்புறம் திருச்சி பைபாஸில் நள்ளிரவு தாண்டி ஏசி நின்றுபோனது. ஜன்னல் திறக்காத பஸ். எல்லோரையும் இறக்கி ரோட்டோரம் நிற்க வைத்தார்கள். மாற்று பஸ் வர இரண்டரை மணி நேரம். அத்தைக்குச் சர்க்கரை உண்டு, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். ஒரு பெட்ரோல் பங்கைத் தேடி டார்ச்சோடு நடந்தோம். காலை 7 மணிக்குப் போகவேண்டியவர்கள் 11 மணிக்குப் போய் இறங்கினோம்.

விமானம் சாயங்காலம். ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம், கேட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணி நேரம் ஆனால்தான் சாப்பாடு தருவார்களாம். பையனுக்கு வாங்கிக் கொடுத்த சாண்ட்விச் விலையைச் சொல்ல மாட்டேன்.

இந்த மூன்றில் எதை நம்புவது?

குமரி வாசகர்:

நாகர்கோவில் என்றால் திருவனந்தபுரம் விமானம் பாருங்கள். அங்கிருந்து டாக்ஸியில் இரண்டு மணி நேரம்தான். நான் பெங்களூரிலிருந்து எப்போதும் அப்படித்தான் போகிறேன், சூப்பர். இல்லாவிட்டால் வந்தே பாரத்தில் போகலாமே, எட்டு மணி நேரத்துக்குள் நெல்லை.

பாளையங்கோட்டைப் பெண்:

அண்ணா, நான் கேட்டது பாளையங்கோட்டை. வந்தே பாரத் நல்ல வண்டிதான், ஆனால் பகல் வண்டி, உட்கார்ந்து போவது. எனக்கு ராத்திரியில் ஏறிக் காலையில் போய்ச் சேரவேண்டும். அப்படிப் போனால் இவருக்கு ஒரு நாள் லீவ் மிச்சமாகும், அதுதான் கணக்கு.

தண்டவாளத் தாத்தா:

முப்பது வருடம் ரயிலில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். ராத்திரி வண்டி லேட்டாகக் கிளம்பினால் பெரும்பாலும் காரணம் அதே பெட்டிகள் எதிர்த்திசையில் லேட்டாக வந்ததுதான். வந்ததும் தண்ணீர் ஏற்றி, கழுவி, சோதித்துத்தான் திரும்ப அனுப்புவார்கள். ஆகவே உங்கள் வண்டியை மட்டும் பார்க்காதீர்கள். காலையில் ஊரிலிருந்து வரவேண்டிய அதன் ஜோடி வண்டி எங்கே நிற்கிறது என்று மதியமே பாருங்கள். அது நாலு மணி நேரம் தாமதமென்றால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம், ஆனால் அறிவித்த நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டு. சில நேரம் வேறு பெட்டிகளைப் போட்டுச் சரியான நேரத்துக்கே எடுத்துவிடுவார்கள்.

இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரமாகக் குறைந்ததில் மாயம் இல்லை. கடைசி நிலையத்துக்கு முன்னால் அட்டவணையில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருப்பார்கள். நெல்லையோடு நிற்கிற வண்டிக்கு அந்த லாபம் உங்களுக்கு. நாகர்கோவில் வரை போகிற வண்டியில் நெல்லையில் இறங்கினால் அவ்வளவு கிடைக்காது. முன்பு ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்காக மணியாச்சியில் காத்துக் கிடப்போம். இரட்டைப் பாதை வந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது.

டிக்கெட் ராஜா:

ரயில் மூன்று மணி நேரம் தாமதமானால் முழுப் பணமும் திரும்ப வரும். கவலை ஏன்?

தண்டவாளத் தாத்தா:

தம்பி, பாதிதான் சரி. நீங்கள் ஏறுகிற நிலையத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வேண்டும், நீங்கள் பயணம் செய்யவே கூடாது, வண்டி கிளம்புவதற்கு முன்னால் டிடிஆர் என்கிற பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் போட வேண்டும். ஏறிப் போய்விட்டு லேட் என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்று, அத்தைக்குக் கீழ் பெர்த் கிடைத்ததா? மூத்தவர்களுக்கான கோட்டா அவர்கள் தனியாகவோ, இரண்டு மூத்தவர்களாகவோ டிக்கெட் எடுத்தால்தான். குடும்ப டிக்கெட்டில் சேர்த்தால், பொதுக் கோட்டாவில் கீழ் பெர்த் இருந்தால் கிடைக்கும், இல்லையென்றால் மேலே. தனி டிக்கெட் எடுத்தால் கீழ் பெர்த் வரும், ஆனால் வேறு பெட்டியில் விழலாம்.

பாளையங்கோட்டைப் பெண்:

அதுதான் நடந்தது தாத்தா. அத்தைக்கு பி4, எங்களுக்கு பி1. நடுராத்திரி இவர் மூன்று பெட்டி தாண்டிப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அத்தையோ நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள்.

ரன்வே ரவி:

விமானத்துக்கும் தாத்தா சொன்ன கணக்குத்தான். சின்ன நகரங்களுக்குப் போகும் விமானம் காலையிலிருந்து பல ஊர் போய்த் திரும்பி வருவது. ஒவ்வொரு சுற்றிலும் பத்து, இருபது நிமிடம் சேரும். சாயங்காலம் வாங்கினால் நாள் முழுக்கச் சேர்ந்த தாமதம் உங்கள் தலையில். காலை முதல் விமானம் நேரம் தவறுவது குறைவு. ஆனால் ஆறு மணிக்கு விமானம் என்றால் மூன்று மணிக்கே குழந்தையை எழுப்ப வேண்டும், ராத்திரித் தூக்கம் போச்சு. ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமென்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம், விதி உண்டு. பணம் வந்தால் அன்றைக்கு ஊருக்குப் போய்விட முடியுமா என்பது வேறு விஷயம்.

ஸ்டியரிங்:

பஸ்ஸை ஒரேயடியாகத் திட்டாதீர்கள். நான் ஓட்டுகிறவன். வெள்ளி ராத்திரி ஜிஎஸ்டி ரோட்டில் ஏறினால் யாருக்கும் லேட்தான். செவ்வாய், புதன் போய்ப் பாருங்கள், ஆறரைக்கே நெல்லையில் இறக்கிவிடுவோம். ஏசி நின்ற பஸ்ஸில் மாற்று பஸ் எங்கிருந்து வந்தது? அதுதான் கேள்வி. நிறைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்குத் திருச்சியிலும் மதுரையிலும் ஆள் இருப்பார்கள். இரண்டு வண்டி வைத்திருப்பவர் சென்னையிலிருந்துதான் அனுப்ப வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது இதையும் கேளுங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு எந்தெந்த ஹோட்டலில் நிறுத்துவீர்கள் என்றும் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வேண்டாம்.

டிக்கெட் ராஜா:

ஆனால் பண்டிகையில் பஸ்தானே வழி? ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறந்து 8:03க்கு வெயிட்டிங் லிஸ்ட்.

பாளையங்கோட்டைப் பெண்:

தீபாவளிக்கு முந்தின வாரம் அதே ஓம்னியில் ஒரு படுக்கை 3,200 காட்டியது. நான்கு படுக்கைக்கு 12,800. அந்தப் பணத்துக்குப் பாதி விமானமே வந்துவிடும்.

ஊருக்குப் போக ரயில், அது முடிவு. அத்தை டிக்கெட் தனியாக, மீதி நாலு பேர் ஒன்றாக. திரும்பி வரும்போதுதான் சிக்கல். ஞாயிறு ராத்திரி ஏறினால் திங்கள் காலை பையனுக்கு 8:40க்குப் பள்ளிக்கூடம். வண்டி ஒரு மணி நேரம் லேட்டானால் போச்சு. சனி ராத்திரியே கிளம்பலாம் என்கிறார் இவர், ஒரு நாள் குறையும் என்கிறார்கள் அத்தை. தாம்பரத்தில் இறங்கி நேராகப் பள்ளிக்கூடம் போகிறவர்கள் யாராவது இருந்தால், யூனிபார்மை எங்கே மாற்றுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.