1,000 தடவை கலக்கிப் பார்த்தும் கணக்கு முழுகவில்லை: நட்ட எல்லையை இரட்டிப்பாக்கலாமா?

கொக்குவில் கரன்:
கொழும்புப் பங்குச் சந்தையில் 2023 கடைசியில் இருந்து 100 ட்ரேட் முடித்திருக்கிறேன். 5 லட்சத்தோடு தொடங்கினேன். 45 இலாபம், சராசரி 10,000 ரூபாய். 55 நட்டம், சராசரி 5,000. இந்த 100 முடிவுகளையும் எக்செல்லில் 1,000 தடவை வரிசை மாற்றிக் கலக்கிப் பார்த்தேன். எல்லாக் கோடும் 6,75,000 இலேயே வந்து முடிகிறது, ஒன்றுகூட 4 லட்சத்துக்குக் கீழே போகவில்லை. போட்ட 5 லட்சத்தில் 1 லட்சம் போனால் இந்த வேலையை விடுவது என்று வீட்டில் கதைத்து வைத்திருக்கிறோம். ஒரு ட்ரேட்டுக்குப் போடும் தொகையை இரட்டிப்பாக்கி, அதன் நட்ட எல்லையை 5,000 இல் இருந்து 10,000 ஆக்கலாமா?

சந்தை ராஜா:
தாராளமாக ஆக்கலாம் தம்பி. கலக்கிப் பார்ப்பதுதான் சரியான முறை. உங்கள் உண்மையான வரிசை ஆயிரத்தில் ஒன்று மட்டும்தான், மற்ற வரிசைகளையும் பார்த்துவிட்டீர்கள். டிராடவுன், அதாவது உச்சியில் இருந்து கீழே இறங்கிய ஆழம், எவ்வளவு வந்தது?

கொக்குவில் கரன்:
நடந்தது 35,000. கலக்கியதில் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான்.

வடமராட்சியான்:
கரன், எல்லாக் கோடும் 6,75,000 இல் முடிவது உங்கள் முறையின் குணம். அதே 45 இலாபத்தையும் அதே 55 நட்டத்தையும் எந்த வரிசையில் கூட்டினாலும் 1,75,000 தானே வரும்? நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி, "நடந்து முடிந்தது வேறு வரிசையில் நடந்திருந்தால் வழியில் எவ்வளவு ஆழம் போயிருக்கும்" என்பது. உங்களுக்கு வேண்டியதோ அடுத்த ட்ரேட்டுகள். அங்கே 45 இலாபம் கட்டாயம் வந்து சேரும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அதற்குப் பட்டியலில் இருந்து எழுந்தமானமாக ஒரு முடிவை எடுத்து, அதைத் திரும்பப் பட்டியலில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரே நட்டம் மூன்று தடவை வரலாம், ஒரு நல்ல இலாபம் வராமலே போகலாம். எக்செல்லில் RAND வைத்து அடுக்குவதை விட்டுவிட்டு இதைப் போடுங்கள்:

```
=INDEX(A$1:A$100,RANDBETWEEN(1,100))
```

இப்படிச் செய்தால் கோடுகள் விசிறி போல விரியும். உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால், 100 ட்ரேட்டுக்குள் வரும் பெரிய டிராடவுன் நடுவில் 40,000 அளவு. மோசமான 5 வீதக் கோடுகளில் 75,000 ஐத் தாண்டும். இது 5,000 எல்லைக்கு. 10,000 ஆக்கினால் அப்படியே இரட்டிப்பு.

சந்தை ராஜா:
சரி, அப்படி எடுத்தாலும் அவர் தொடக்கத்தில் இருந்து 1 லட்சம் இழக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஆயிரத்தில் ஒன்று வருமா? அதற்குப் பயந்தால் சந்தைக்கே வரக்கூடாது.

வடமராட்சியான்:
ஆயிரத்தில் ஒன்றுதான் வரும், அதை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு நட்டமும் சரியாக 5,000, ஒவ்வொரு இலாபமும் 10,000, வெற்றி வீதம் 45 என்று வைத்துக் கணக்குப் போட்டால், எத்தனை ட்ரேட் செய்தாலும் 1 லட்சம் கீழே போகும் வாய்ப்பு 0.1 வீதத்துக்குச் சற்று மேல். ஆனால் அந்த 45 எங்கிருந்து வந்தது? வெறும் 100 ட்ரேட்டில் இருந்து. 100 இல் 45 என்றால் அதன் வழக்கமான தடுமாற்றம் இரு பக்கமும் 5. அதாவது உங்கள் உண்மையான வீதம் 40 ஆக இருந்தும் இந்தத் தடவை 45 வந்திருப்பது சாதாரணமான விஷயம். 35 ஆக இருக்கக்கூட இடமுண்டு, கொஞ்சம்தான், ஆனால் உண்டு.

வீதம் 40 என்று வைத்து அதே கணக்கைப் போடுங்கள்: 2 வீதம். 35 என்றால் 37 வீதம். எல்லையை 10,000 ஆக்கினால் 45 இல் 3.4, 40 இல் 14, 35 இல் 60 ஐத் தாண்டுகிறது. வெற்றி வீதம் பத்துப் புள்ளி நகர்ந்ததற்கு முழுகும் வாய்ப்பு எங்கே போய் நிற்கிறது பாருங்கள். உங்கள் பட்டியலில் இருந்தே திரும்பத் திரும்ப எடுக்கும்போது 45 சரி என்று முடிவு கட்டிவிட்டுத்தான் தொடங்குகிறீர்கள். பத்தாயிரம் தடவை ஓட்டினாலும் கோடி தடவை ஓட்டினாலும் அந்த நம்பிக்கை மாறாது.

நாவற்குழி கணக்காளர்:
கரன், ஒரு கேள்வி. தரகுக் கட்டணம் கழித்த எண்களா இவை? 10 கோடி வரையான கொடுக்கல் வாங்கலுக்கு வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது 1.12 வீதம். 1 லட்சத்துக்கு ஒரு பங்கு வாங்கி விற்றால் 2,240 அளவில் போய்விடும். ஒரு ட்ரேட்டுக்கு உங்கள் சராசரி இலாபமே 1,750 தான். கழிக்காவிட்டால் மேலே கதைத்த எதற்கும் பொருளில்லை, சராசரியே நட்டம்.

கொக்குவில் கரன்:
கழித்ததுதான் அக்கா. புரோக்கர் பில்லில் வரும் நிகரத் தொகையைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

மானிப்பாய் ரீச்சர்:
பிள்ளைகள், எனக்கு இந்த ஆயிரம் தடவை கதை விளங்கவில்லை. நான் 2021 இல் வாங்கிய பங்குகளை விற்காமல் வைத்திருக்கிறேன். 2022 ஏப்ரலில் விற்க நினைத்தபோது சந்தையையே மூடிவிட்டார்கள், 18 ஆம் திகதியில் இருந்து ஒரு கிழமை. திறந்த பிறகும் விழுந்தது. இனி வைத்திருப்பதா, விற்பதா? அதற்கு இந்த முறை பதில் சொல்லுமா?

வடமராட்சியான்:
ரீச்சர், இது பலதடவை வாங்கி விற்பவரின் முடிவுகளை வைத்துச் செய்யும் கணக்கு. உங்கள் பங்கை வைத்திருப்பதா என்பதற்கு அந்த நிறுவனத்தின் நிதி அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நீங்கள் சொன்ன அந்தக் கிழமை கரனுக்கு மிக முக்கியம். 2020 மார்ச்சில் மூடிய சந்தை மே 11 ஆம் திகதிதான் திறந்தது, அதையும் சேருங்கள். சந்தை மூடியிருக்கும்போது 5,000 எல்லை என்று ஒன்றில்லை. திறக்கும்போது என்ன விலையோ அதுதான்.

கரனின் 100 ட்ரேட்டிலும் அப்படி ஒரு நாள் கிடையாது. 2024 இல் மட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 10,600 அளவில் இருந்து 15,900 ஐத் தாண்டியது. ஏறுகிற சந்தையில் எடுத்த 45 அது. பட்டியலில் இல்லாத நட்டத்தை எத்தனை தடவை எடுத்தாலும் கையில் வராது. நான் என்றால் 25,000, 30,000 நட்டம் இரண்டைக் கையால் எழுதிச் சேர்த்துவிட்டு ஓட்டிப் பார்ப்பேன்.

சந்தை ராஜா:
இது சரியில்லை அண்ணை. கையால் நட்டத்தை எழுதிச் சேர்த்தால் அது தரவு இல்லை, உங்கள் பயம். எத்தனை சேர்ப்பது என்று யார் சொல்வது? இரண்டு சேர்த்தால் ஒரு விடை, ஐந்து சேர்த்தால் வேறொரு விடை.

வடமராட்சியான்:
எத்தனை என்பது என் ஊகம்தான், அதில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ஒன்றும் சேர்க்காமல் விடுவதும் ஓர் ஊகமே, பூச்சியம் என்ற ஊகம். இரண்டையும் ஓட்டி விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

45 இன் தடுமாற்றத்துக்கு ஊகம் தேவையில்லை, அதைத் தரவில் இருந்தே எடுக்கலாம். இரண்டு படி. முதலில் 100 இல் இருந்து 100 எடுத்து ஒரு மாற்றுக் கடந்தகாலம் செய்யுங்கள், அதில் வெற்றி 39 ஆகவும் வரும், 52 ஆகவும் வரும். பிறகு அடுத்த 500 ட்ரேட்டை அந்தப் பட்டியலில் இருந்து எடுங்கள். கரன், எக்செல் இதற்கு இழுபடும், பைத்தன் இருந்தால் இது போதும்:

```python
import numpy as np
rng = np.random.default_rng()
t = np.loadtxt("trades.txt")
n, hits = 10000, 0
for _ in range(n):
    p = rng.choice(t, size=len(t))
    e = np.cumsum(rng.choice(p, size=500))
    hits += e.min() <= -100000
print(hits / n)
```

எல்லையை இரட்டிப்பாக்கிப் பார்க்க `t` ஐ 2 ஆல் பெருக்குங்கள்.

நாவற்குழி கணக்காளர்:
இன்னொன்றும் இருக்கிறது. கரன் ஒரே நேரத்தில் எத்தனை பங்கு வைத்திருக்கிறார்? மூன்று வங்கிப் பங்கை ஒரே கிழமையில் வாங்கினால் அவை ஒன்றாகத்தான் விழும். ட்ரேட்டைத் தனித்தனியாக எடுத்தால் ஒரே நாளில் வந்த மூன்று நட்டம் கோட்டில் மூன்று திசையில் சிதறிவிடும், ஆழம் குறைவாகத் தெரியும்.

கொக்குவில் கரன்:
உண்மைதான் அக்கா. ஒரு நாளில் நான்கு நட்டம் வெட்டியிருக்கிறேன், 20,000. பெரும்பாலும் வங்கியும் நிதி நிறுவனமும்தான் வாங்குவேன்.

நாவற்குழி கணக்காளர்:
அப்படியென்றால் ஒவ்வொரு கிழமையின் மொத்தத்தையும் ஒரு எண்ணாக எழுதி, கிழமைகளை எடுங்கள். நட்டங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றனவா என்று பார்க்க ஒரு சின்ன வழி: ஒரு நட்டத்துக்கு அடுத்து வந்த ட்ரேட்டுகளை மட்டும் எண்ணுங்கள். தொடர்பு இல்லாவிட்டால் அவற்றிலும் 55 வீதம் அளவில்தான் நட்டமாக இருக்கும். 70 வந்தால் தனித்தனியாக எடுக்கக்கூடாது.

சந்தை ராஜா:
100 ட்ரேட்டே போதாது என்று இவ்வளவு நேரம் சொன்னீர்கள். கிழமையாகச் சேர்த்தால் நாற்பதோ ஐம்பதோ எண்தான் மிஞ்சும். அது இன்னும் மோசம் இல்லையா?

வடமராட்சியான்:
மோசம்தான். ஆனால் கரனிடம் உண்மையாகவே அவ்வளவு தகவல்தான் இருக்கிறது. ஒன்றாக விழும் நான்கு ட்ரேட்டை நான்கு சாட்சி என்று எண்ணினால் இல்லாத உறுதியைக் காட்டும். கிழமையா, மாதமா என்பதில் மட்டும் எனக்கும் ஒரு முடிவு இல்லை. ஒரு கிழமை நட்டம் அடுத்த கிழமைக்கும் இழுத்துக்கொண்டு போனால் கிழமையும் சின்னது.

கொக்குவில் கரன்:
ஓட்டிப் பார்த்தேன். ட்ரேட்டைத் தனித்தனியாக எடுத்து இரண்டு படியாக: 5,000 எல்லைக்கு நூறில் 2.6, 10,000 க்கு ஏறக்குறைய 9. நட்டத்துக்கு அடுத்து நட்டம் 66 வீதம் வருகிறது. கிழமைக் கணக்கை இனித்தான் பில்லுகளைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

சந்தை ராஜா:
நூறில் ஒன்பதை நான் ஏற்பேன். வீட்டில் ஏற்பார்களா என்று கேளுங்கள்.

நாவற்குழி கணக்காளர்:
9 இல் நிற்காது, ராஜா. 66 என்பதால் கிழமைக் கணக்கில் அது மேலேதான் போகும். கரன், அந்த எண் வரும் வரை 5,000 இலேயே இருங்கள். நான்கு வங்கிப் பங்கை ஒன்றாக வாங்கும் நாட்களில் நான்குக்கும் சேர்த்து 10,000 க்கு மேல் வைக்காதீர்கள்.

கொக்குவில் கரன்:
சரி அக்கா. கிழமை எண்கள் வந்ததும் இங்கேயே போடுகிறேன். 2022 மாதிரி நட்டத்தை எத்தனை சேர்ப்பது என்று நீங்கள் இருவரும் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்தால் அதையும் சேர்த்து ஓட்டுவேன்.

சந்தை ராஜா:
நான் பூச்சியம் என்றுதான் சொல்வேன்.