செல்வமகள் கணக்கு: மார்ச்சைத் தவறவிட்டேன், வழி சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். நான் மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் வேலை பார்க்கிறேன். மனைவியும் மகளும் கும்பகோணத்தில். மகளுக்கு மூன்று வயதில், 2017 ஆகஸ்டில், தபால் ஆபீஸில் செல்வமகள் கணக்கு தொடங்கினோம்.

இங்கே நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறதா, அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டேன். ஊரில் மார்ச் 31. போன வருடம் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. மே மாதம் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 3 லட்சம் அனுப்பினேன். கவுன்டரில் இருந்தவர் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நிதியாண்டுக்கு ஒன்றரை லட்சம்தான், போன வருட இடம் போனது போனதுதான் என்று சொல்லிவிட்டாராம். விட்ட வருடத்துக்குக் குறைந்தபட்சத் தொகை 250, அபராதம் 50, ஆக 300 ரூபாய் கட்டியதும் கணக்கு உயிர்பெற்றது. மீதிப் பணம் மனைவியின் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது.

இனி 2032 ஆகஸ்ட் வரைதான் கட்ட முடியும். முதிர்வு 2038-இல். அவள் காலேஜ் சேருவதோ 2032-இல். அப்போது, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை எடுக்கலாம்.

அப்படிப் பாதி எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சேர்க்கைக் கடிதம் போதுமா, கட்டண ரசீதும் கேட்டார்களா? அப்புறம், மாதத்தில் 5-ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி. இங்கிருந்து அனுப்பும் பணம் அதற்குள் போய்ச் சேர எப்படி ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?