வெப்கேமில் தலைத் தடம்: இரவில் மட்டும் ஏன் தடுமாற்றம்?

புதுச்சிறகு: தலை அசைவுக்கேற்பக் காட்சியைத் திருப்பும் opentrack நிரலில், முகத்தைப் பின்தொடரும் neuralnet tracker தேர்ந்தெடுத்து, சாதாரண வெப்கேமோடு விமான சிமுலேட்டர் ஓட்டுகிறேன். பகலில் சிக்கலில்லை. இரவில் காட்சி நடுங்குகிறது. தலையைத் திருப்பினால் பிந்தித்தான் திரும்புகிறது. எதை மாற்ற வேண்டும்?

கார்முகில்: Accela வடிகட்டியில் Smoothing அளவைக் கூட்டுங்கள். நடுக்கம் அடங்கிவிடும்.

வலவன்: நடுக்கம் அடங்கும், தாமதம் இன்னும் மோசமாகும். பகலில் ஒழுங்காக ஓடுகிறதென்றால் குற்றம் வடிகட்டியில் இல்லை, வெளிச்சத்தில். அறை இருண்டதும் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் ஒளி சேர்க்கிறது. நொடிக்கு 30 படங்கள் 15 ஆகிவிடும். முகமும் கலங்கித் தெரியும். கேமரா அமைப்பில் தானியங்கி எக்ஸ்போஷரை நிறுத்திவிட்டு, படம் 30 ஆகும்வரை அதைக் குறையுங்கள். பிறகு மேசை விளக்கைத் திரைக்குப் பின்னுள்ள சுவரை நோக்கித் திருப்புங்கள். அந்த ஒளி முகத்தில் படும். தலைக்குப் பின்னால் மட்டும் விளக்கு வேண்டாம், முகம் நிழலாகிவிடும்.

கார்முகில்: இதற்கு அகச்சிவப்பு விளக்கு மூன்று கொண்ட கிளிப்பை ஹெட்செட்டில் மாட்டி, முகத்துக்குப் பதில் அந்த ஒளிப்புள்ளிகளைப் பின்தொடரவிட்டால் போதுமே. இருட்டு ஒரு பொருட்டே அல்ல.

வலவன்: உண்மை. ஆனால் பகலில் ஜன்னல் வெயில் பட்டால் அதையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்ளும். அவருக்குப் பகலில்தான் நன்றாக ஓடுகிறது!

சாலைக்காற்று: நான் கார் பந்தயம் மட்டும் ஆடுபவன். தலை பக்கவாட்டில் சாய்வதை (Roll) அணைத்துவிட்டேன். வளைவுகளில் தொடுவானம் ஆடினால் குமட்டுகிறது. நீங்களும் அணைத்துப் பாருங்கள்.

வலவன்: நல்ல யோசனைதான், ஆனால் அவர் கேட்டது வேறு.

புதுச்சிறகு: விளக்கு வைத்து எக்ஸ்போஷரையும் குறைத்தேன். 30 வந்துவிட்டது, தாமதம் போய்விட்டது. ஆனால் கருவிகளைப் படிக்கும்போது சிறு நடுக்கம் மிச்சமிருக்கிறது.

வலவன்: Mapping வளைகோட்டைப் பாருங்கள். 30 பாகை தலைத் திருப்பத்துக்குக் காட்சி 150 பாகை திரும்பினால், கேமராவின் அரைப் பாகைப் பிழையும் இரண்டரைப் பாகையாகப் பெருகிவிடும். முதல் 5 பாகைக்குக் கோட்டைப் படுக்கையாக வையுங்கள், அதற்குப் பிறகு வேகமாக ஏறட்டும். நேரே பார்க்கையில் காட்சி அசையாது. தோளுக்குப் பின்னும் எட்டிப் பார்க்கலாம். அதற்கும் அடங்காத நடுக்கத்துக்குக் கார்முகில் சொன்ன Smoothing, அதுவும் கொஞ்சமாக.

கார்முகில்: ஆக, கடைசியில் வடிகட்டியும் வேண்டும்!

சாலைக்காற்று: நடுவில் படுத்த கோடு எனக்கு ஒத்துவராது. வளைவின் உள்விளிம்பைப் பார்க்கத் தலையைச் சற்றே திருப்பினால் ஒன்றுமே நடக்காது; இன்னும் திருப்பினால் காட்சி பாய்கிறது. காருக்கு நேர்கோடுதான்.

வலவன்: அப்படியானால் ஆட்டத்துக்கு ஒரு அமைப்புக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு நேர்கோட்டை ஒப்புக்கொள்ளமாட்டேன்.