கட்டண ரசீதில் புரியாத ஒரு வரி: பள்ளிக்குக் கடிதம் எழுதியவர்கள் பகிரலாம்

மூன்றாம் வகுப்பு அம்மா:
ஜூன் ரசீதில் கல்விக் கட்டணம் 12,000. அடுத்த வரியில் வெறும் `SDF` 3,500. மெட்ரிக் பள்ளி, தமிழ்நாடு. கேட்டால் "சாஃப்ட்வேரில் அப்படித்தான் வரும்" என்கிறார்கள். "3,500 ரூபாயைத் திருப்பித் தரவும்" என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

முன்னாள் பள்ளி எழுத்தர்:
இப்போதைக்கு வேண்டாம் மேடம். அந்த வரி என்னவென்றே தெரியாதபோது திருப்பிக் கேட்டால், "அது வளர்ச்சி நிதி" என்று ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். முதல் கடிதத்தில் கேள்வி மட்டும் இருக்கட்டும். தாளாளருக்கு எழுதி, முதல்வருக்கு நகல் வையுங்கள். வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் அது டைரியோடு நின்றுவிடும். மாணவர் பெயர், வகுப்பு, ரசீது எண், தேதி போட்டு, வரியை அச்சில் இருக்கிறபடியே எழுதுங்கள்: "`SDF` – ரூ.3,500". விரிவாக்கத்தை நீங்கள் ஊகிக்காதீர்கள், அவர்கள் வாயால் வரட்டும். அப்புறம் மூன்றே கேள்விகள். இது எதற்கான தொகை? அரசின் கட்டண நிர்ணயக் குழு இந்த வகுப்புக்கு நிர்ணயித்த ஆண்டுக் கட்டணத்துக்குள் அடங்குமா, வெளியேயா? கட்டாயமா, விருப்பமா? குழு ஆணையின் நகலும் கேளுங்கள். 15 நாள் அவகாசம் போடுங்கள்.

சேலம்காரர்:
இவ்வளவு எதற்கு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பள்ளிக்கே மனு போட்டால் கணக்கு முழுக்க வந்துவிடும்.

முன்னாள் பள்ளி எழுத்தர்:
பாதி சரி அண்ணா. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு நேரடியாகப் போட்டால் "நாங்கள் பொது அதிகார அமைப்பு அல்ல" என்று திரும்பி வரும். அதே மனுவை மாவட்டக் கல்வி அலுவலர், தனியார் பள்ளிகள் பிரிவுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பி, அந்தப் பள்ளிக்கான கட்டண ஆணையின் நகலைக் கேட்கலாம்.

வரிக்காரர்:
என் ரசீதில் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. வருமான வரியில் 80C கழிவுக்கு முழுசாகக் காட்டலாமா?

கணக்குப் புத்தகம்:
இது வேறு கேள்வி சார், ஆனால் ஒரு தொடர்பு இருக்கிறது. 80C-யில் கல்விக் கட்டணம் மட்டும்தான் வரும். வளர்ச்சி நிதி, நன்கொடை வராது. அதனால் பிரித்துக் காட்டச் சொல்லி நீங்களும் ஒரு கடிதம் எழுதலாம்.

மூன்றாம் வகுப்பு மேடத்துக்கு: ஒரே ரசீதை வைத்து அதிகம் என்று முடிவு கட்டாதீர்கள். குழு நிர்ணயிப்பது ஆண்டுக்கு. உதாரணமாக ஆணையில் 26,000 என்று இருக்கிறதென்று வையுங்கள். ஜூனில் 12,000, `SDF` 3,500, அக்டோபரில் இன்னொரு 12,000 என்றால் மொத்தம் 27,500. அதிகம் 1,500 தான், 3,500 அல்ல. பெரிய எண்ணைக் கேட்டுவிட்டால் அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டே கடிதத்தை ஒதுக்கிவிடுவார்கள். ஆணை எந்தக் கல்வியாண்டுகளுக்கு என்றும் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துப் போடுவார்கள், பழைய ஆணையைக் காட்டி ஏமாறுவதும் ஏமாற்றுவதும் நடக்கிறது.

சேலம்காரர்:
ஸ்மார்ட் கிளாஸ் கட்டணம் என்று பதில் வந்தால்?

கணக்குப் புத்தகம்:
அங்கேதான் இழுபறி. வகுப்பறையில் எல்லாப் பிள்ளைக்கும் ஓடுகிற பலகைக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்பது என் வாதம்.

முன்னாள் பள்ளி எழுத்தர்:
குழுவுக்குக் கொடுத்த செலவுக் கணக்கில் அது ஏற்கெனவே சேர்ந்திருந்தால் உங்கள் வாதம் நிற்கும். சேர்க்காமல் விட்டிருந்தால் பள்ளி வேறு மாதிரி பேசும். ஆணையைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ரசீதின் தலைப்பையும் பாருங்கள் மேடம். பள்ளி பெயருக்குப் பதில் அறக்கட்டளை பெயரில் தனி ரசீது, தனி வரிசை எண் என்றால் அதை நன்கொடையாகக் காட்டப்போகிறார்கள். சேர்க்கையின்போது அறிவித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுக்கிறது. வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு. இதை முதல் கடிதத்தில் எழுதாதீர்கள், இரண்டாவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகுப்பு அம்மா:
கடிதத்தை மாற்றி எழுதிக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார்கள், நகலில் சீல் போட மறுக்கிறார்கள்.

சேலம்காரர்:
பதிவு அஞ்சலில் போட்டுவிடுங்கள்.

முன்னாள் பள்ளி எழுத்தர்:
பதிவு அஞ்சல் 2025 செப்டம்பரிலிருந்து விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் "ஸ்பீட் போஸ்ட், ரெஜிஸ்ட்ரேஷனோடு" என்று கேளுங்கள். அந்தச் சீட்டையும் ரசீது நகலையும் ஒரே கோப்பில் வையுங்கள். 15 நாள் அது போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணுங்கள், போட்ட தேதியிலிருந்து அல்ல.